முதல் வகுப்பு இலவசம், அப்புறம்?

ஜூனில் பள்ளி திறக்கும்போதும், விஜயதசமிக்கு ஒரு மாதம் முன்பிருந்தும் இசை ஆசிரியர்களின் செல்போனுக்கு ஒரே மாதிரிச் செய்தி வந்துகொண்டிருக்கும். “டீச்சர், என் பொண்ணுக்கு ஏழு வயசு. வயலின் கத்துக்கணும்னு ரொம்ப ஆசைப்படுறா. கிளாஸ் எடுப்பீங்களா? ஃபீஸ் எவ்வளவு?” பெரும்பாலான ஆசிரியர்கள் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் அவசரமாகப் பதில் தட்டுகிறார்கள். “ஃப்ரீ டெமோ கிளாஸ் இருக்கும்மா. சனிக்கிழமை வாங்க.”

வீட்டில் யாரும் கர்நாடக சங்கீதம் கற்றிராத குடும்பத்துக்கு இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. சனிக்கிழமை எத்தனை மணிக்கு? வயலினை வாங்கிக்கொண்டு போக வேண்டுமா? இந்த வகுப்புக்குப் பணமில்லை, சரி, அடுத்ததற்கு எவ்வளவு? போய்விட்டு வந்தபின் பிடிக்கவில்லை என்றால் எப்படிச் சொல்வது? இதையெல்லாம் கேட்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம். தெரியாததைத் தாங்களாகவே ஊகித்துக்கொள்கிறார்கள், பிறகு வருகிற சிக்கல்கள் எல்லாம் அந்த ஊகத்திலிருந்து வருகின்றன.

அதிகம் செலவு வைக்கும் ஊகம் வயலின் வாங்குவது. வகுப்புக்கு வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது என்று அப்பா இணையத்தில் தேடி ஒரு வயலினை வரவழைக்கிறார். விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது முழு அளவு வயலின், அதாவது 4/4. கூடவே பெட்டி, வில், ரோசின், தோளில் மாட்டும் தாங்கி எல்லாம் சேர்த்து ஒரே விலை. பிரித்துப் பார்த்தால் தந்திகள் தளர்ந்து கிடக்கின்றன, அவற்றைத் தாங்கி நிற்க வேண்டிய பிரிட்ஜ் என்ற மரத்துண்டு தனியே விழுந்து கிடக்கிறது. உடைந்த சாமானை அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டில் நினைக்கிறார்கள். உண்மையில் வழியில் சேதமாகாமல் இருக்க அப்படித்தான் பல வயலின்கள் வரும், தெரிந்தவர் ஒருவர்தான் அதை நிமிர்த்தி வைத்துத் தந்தியை முறுக்க வேண்டும். யூடியூப் பார்த்து அப்பா எப்படியோ அதைச் செய்துவிட்டாலும் வில்லைப் போட்டால் சத்தமே வருவதில்லை. புது வில்லில் ரோசின் தேய்க்காவிட்டால் வில்முடி தந்தியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். புது ரோசினோ கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும், முதலில் அதன் மேற்பரப்பை லேசாகச் சுரண்டிவிட்டால்தான் வில்லில் ஒட்டும். இதெல்லாம் ஆசிரியருக்கு இரண்டு நிமிட வேலை. தெரியாத வீட்டில் சனிக்கிழமைக்கு முன்பே குழந்தையின் ஆசை பாதி வடிந்துவிடுகிறது.

சனிக்கிழமை வகுப்புக்குப் போனதும் இன்னொன்று தெரியவருகிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு அந்த வயலின் பெரிது. வயலினில் 1/4, 1/2, 3/4 என்று பல அளவுகள் உண்டு. அரை வயலின் என்றால் முழு வயலினின் நீளத்தில் பாதி என்று நினைத்துவிடக்கூடாது. முழு வயலினின் உடல் சுமார் 14 அங்குலம் என்றால் அரை வயலினின் உடல் சுமார் 12½ அங்குலம். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, சின்னக் கைக்கு அது மலையளவு. ஏழு வயதுக்குப் பெரும்பாலும் 1/4 அல்லது 1/2 பொருந்தும். வயதைச் சொல்லி வாங்குவதைவிடக் கையை அளந்து வாங்குவதே சரி. வயலினைப் பிடித்த நிலையில், கழுத்தின் முனையில் சுருண்டிருக்கும் தலைப்பகுதியைக் குழந்தையின் இடது கைவிரல்கள் சுற்றிப் பிடிக்க வேண்டும், அப்போதும் முழங்கை சற்று மடங்கியே இருக்க வேண்டும். கை விறைத்து நேராக நீண்டுவிட்டால் வயலின் பெரிது.

தோள்தாங்கியும் வீண். கர்நாடக இசைக்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் ஒரு முனையை இடப்பக்க மார்பில் சாய்த்து, தலைப்பகுதியை வலது காலின் கணுக்கால் பக்கம் ஊன்றி வாசிக்கிறோம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் இந்தக் கருவியைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்து சுமார் 200 ஆண்டுகள் ஆகின்றன. அதை நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கருவியாக மாற்றிக்கொண்டார்கள். இப்படிக் காலிலும் மார்பிலும் ஊன்றியிருப்பதால் வயலினைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. கமகத்துக்காகத் தந்தியின் மேலும் கீழும் அது தடையில்லாமல் வழுக்கிச் செல்ல முடிகிறது. நின்றுகொண்டு தோளில் வைத்து வாசிக்கும் வீடியோவைப் பார்த்து வாங்கிய தாங்கி பெட்டியிலேயே தங்கிவிடும்.

ஆசிரியர் தன் பதிலில் ஒரு வரி சேர்த்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. “வயலின் இப்போது வாங்க வேண்டாம், என்னிடம் இருக்கிறது.” அழைப்புச் செய்தியில் வேறு எது விட்டுப்போனாலும் இந்த வரி விட்டுப்போகக்கூடாது என்பேன்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதையும் பெற்றோர் முன்பே அறிந்திருப்பது நல்லது. பலர் குழந்தை ஒரு பாட்டாவது வாசித்துக் காட்டும் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். அப்படி நடக்காது. நல்ல ஆசிரியர் முதலில் வயலினைத் தொடவே விடமாட்டார். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு ‘ஸ’ பாடுவார், ‘ப’ பாடுவார், மேல் ‘ஸ’ பாடுவார். குழந்தையைத் திருப்பிப் பாடச் சொல்வார். முதல் தடவையே சுருதி சேர வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. அந்த வயதில் காது சரியாகக் கேட்டாலும் குரல் அந்த இடத்துக்குப் போகாத குழந்தைகள் உண்டு. இரண்டாவது, மூன்றாவது தடவை பாடும்போது அந்த ஸ்வரத்தை நோக்கிக் குரல் கொஞ்சமாவது நகர்கிறதா என்றுதான் கவனிப்பார். வயலினில் இது முக்கியம். வீணையில் மெட்டு உண்டு, கீபோர்டில் கட்டை உண்டு, விரல் வைக்க வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியும். வயலினில் எந்த அடையாளமும் இல்லை, காது சொல்லும் இடத்தில்தான் விரல் வைக்க வேண்டும். குரல் துளியும் நகரவில்லை என்றால் சில மாதம் வாய்ப்பாட்டு கற்றுவிட்டு வாருங்கள் என்று சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அது நியாயமான யோசனை.

அடுத்தது தாளம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று நாலு, பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு என்று இன்னொரு நாலு. குழந்தை ஆசிரியரோடு சேர்ந்து போடும்போது சரியாக வரும், அவர் கையை நிறுத்தியதும் ஓட ஆரம்பிக்கும். எல்லாக் குழந்தைகளும் ஓடும். அதையும் பார்த்து வைத்துக்கொள்வார்.

அதன் பிறகுதான் கருவி. அளவுக்குப் பொருந்தும் வயலினை மடியில் வைத்து, மார்பிலும் காலிலும் ஊன்றி, தந்தியை விரலால் மீட்டச் சொல்வார். பிறகு வில். விரல்களை வில்லின்மேல் வளைத்து வைத்து, குழந்தையின் மணிக்கட்டைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, ஒரே தந்தியில் அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுப்பார். வில் பிரிட்ஜுக்கு இணையாகப் போகிறவரை நாதம் வரும், கொஞ்சம் சாய்ந்தாலும் ‘கிரீச்’ என்று கத்தும். கத்தும்போது குழந்தை சிரிக்கிறதா, பயந்து கையை எடுத்துவிடுகிறதா, இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறேன் என்கிறதா? ஆசிரியருக்குத் தேவையான பதில் பெரும்பாலும் இதில் கிடைத்துவிடுகிறது. இருபது நிமிடம் சம்மணமிட்டு உட்கார முடிகிறதா என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

பெற்றோரை மகிழ்விப்பதற்காக முதல் நாளே விரலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஒரு சினிமாப் பாட்டின் இரண்டு வரியை வாசிக்க வைத்து வீடியோ எடுத்து அனுப்பும் இடங்களும் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. சேர்ந்த பிறகு பல மாதங்களுக்கு மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசைதான். புரந்தரதாசர் வகுத்த வழி என்று சொல்லப்படும் அந்தப் பாடம் பொறுமையைக் கேட்கும். முதல் நாள் பாட்டு, இரண்டாம் நாள் சரளி என்றால் குழந்தை ஏமாற்றப்பட்டதாகத்தான் உணரும். முன்னோட்ட வகுப்பு பின்னால் வரும் வகுப்புகளின் மாதிரியாக இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி எழுதக் கூச்சப்படும் ஆசிரியர்கள் நிறைய பேர். “நேர்ல வாங்கம்மா, பேசிக்கலாம்” என்பார்கள். நேரில் வந்தபின், குழந்தை வில்லைப் பிடித்துப் பரவசத்தில் இருக்கும் நேரத்தில் தொகையைச் சொன்னால், கட்ட முடியாத பெற்றோருக்கு அதைவிடச் சங்கடம் வேறில்லை. குழந்தை முன்னால் பேரம் பேசவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கட்டணம் அழைப்பிலேயே இருந்தால் முடியாதவர்கள் மரியாதையோடு விலகிக்கொள்ளலாம், சலுகை தேவைப்படுகிறவர்கள் தனியாகக் கேட்கலாம். கட்டணத்தோடு இன்னொரு செலவையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் தினமும் பயிற்சி, கூடவே உட்காரப் பெரியவர் ஒருவர். அந்த நேரத்தை ஒதுக்க முடியாத வீட்டில் வாரம் ஒரு வகுப்பால் பெரிதாக எதுவும் வந்துவிடாது.

இவ்வளவையும் ஒரு செய்திக்குள் எப்படி அடக்குவது? தாம்பரத்திலிருந்து ஒரு தாய் ஏழு வயது மகளுக்காகக் கேட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் வகுப்பெடுக்கும் ஆசிரியை இப்படி எழுதலாம். தொகையும் தேதியும் எடுத்துக்காட்டுக்குத்தான்.

“வணக்கம் அம்மா. பாப்பா வயலின் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதாக எழுதியிருந்தீர்கள், மிக்க மகிழ்ச்சி. அவளுக்காக ஜூன் 13, சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு ஒரு முன்னோட்ட வகுப்பு ஒதுக்கி வைத்திருக்கிறேன். அரை மணி நேரம், அவள் ஒருத்திக்கு மட்டும். இதற்குக் கட்டணம் இல்லை. வந்ததற்காகச் சேர்ந்தாக வேண்டும் என்பதும் இல்லை.

வயலின் இப்போது வாங்க வேண்டாம். சின்ன அளவுகள் என்னிடம் இருக்கின்றன, அன்றைக்கு அளந்து பார்த்துச் சொல்கிறேன். தரையில் சம்மணமிட்டு உட்காரும்படியான உடையில் அழைத்து வாருங்கள். இடது கை நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும். நீங்களோ அவள் அப்பாவோ வகுப்பு முடியும்வரை கூடவே இருங்கள். அன்றைக்குப் பாட்டு எதுவும் வாசிக்க மாட்டாள். கொஞ்சம் பாடுவோம், தாளம் போடுவோம், வில் பிடித்துப் பார்ப்போம்.

சேர்ந்தால் வாரம் ஒரு வகுப்பு, 45 நிமிடம், மாதம் ₹2,000. வயலின் செலவு தனி. வீட்டில் தினமும் 15 நிமிடம் பயிற்சி வேண்டும், ஆரம்பத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வர முடியும் என்றால் வியாழன் இரவுக்குள் ‘சரி’ என்று அனுப்புங்கள், வீட்டு வழியைப் பகிர்கிறேன். பதில் இல்லையென்றால் அந்த நேரத்தை அடுத்த குழந்தைக்குக் கொடுத்துவிடுவேன், உங்களுக்கு வேறு நாள் பார்க்கலாம். வகுப்பன்று மாலை நான் கவனித்ததை எழுதி அனுப்புகிறேன். அதன்பின் ஒரு வாரம் யோசித்துச் சொன்னால் போதும். வேண்டாம் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்.”

வாட்ஸ்அப்புக்கு இது நீளம்தான். ஆனால் இதைப் படித்த தாய்க்கு மறுபடி கேட்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை என்று மட்டும் எழுதினால் இந்தச் சனியா அடுத்த சனியா என்ற குழப்பம் வரும், தேதியும் கிழமையும் சேர்ந்தே இருக்க வேண்டும். கடைசித் தேதி வைப்பதில் கறார்த்தனம் எதுவும் இல்லை. வீட்டில் சொல்லித்தருகிறவருக்குப் பள்ளி விட்டபின் மாலை ஐந்திலிருந்து எட்டு மணிவரையும், வார இறுதியும்தான் நேரம். ஒருவருக்காகப் பிடித்து வைத்த அரை மணி நேரம் வீணானால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. ‘பாப்பா’ என்ற இடத்தில் குழந்தையின் பெயரைப் போட்டால் இன்னும் நல்லது, பெயர் போட்டு வந்த செய்தியைப் பெற்றோர் குழந்தைக்குப் படித்துக் காட்டுவார்கள். பெற்றோர் கூடவே இருக்க வேண்டும் என்பதைக் கோரிக்கையாக எழுதாமல் நிபந்தனையாகவே எழுத வேண்டும். முன்பின் தெரியாத வீட்டில் குழந்தையைத் தனியே விட்டுப் போகும்படி எந்த ஆசிரியர் சொன்னாலும் பெற்றோர் அங்கே போக வேண்டாம்.

வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு அனுப்பும் செய்தியில் இன்னும் இரண்டு வரி தேவை. நியூ ஜெர்சியில் இருக்கும் குழந்தைக்கு நம்மூர் சனிக்கிழமை காலை 5.30 மணி என்றால் அங்கே கோடையில் வெள்ளிக்கிழமை இரவு 8 மணி. இரண்டு ஊர்க் கிழமையையும் எழுதாவிட்டால் ஒருவர் ஒரு நாள் தாமதமாக வந்து காத்திருப்பார். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அதன்பின் அதே வகுப்பு அங்கே இரவு 7 மணிக்கு வரும். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று மறுபடி 8 மணி ஆகும். நம்மூரில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் ஆசிரியர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வரி ஒலியைப் பற்றியது. ஸூம் போன்ற செயலிகள் பேச்சுக் குரலுக்காகச் செய்யப்பட்டவை. இடைவிடாமல் ஒலிக்கும் சுருதியையும் நீண்ட வில்லோசையையும் ஃபேன் சத்தம் மாதிரி நினைத்து அவை வெட்டிவிடும். குழந்தை ஒழுங்காக இழுத்தாலும் ஆசிரியருக்கு விட்டுவிட்டுத்தான் கேட்கும், குறை குழந்தையின் கையில் என்று அவர் நினைத்துவிட வாய்ப்புண்டு. ஸூமின் ஒலி அமைப்பில் Original sound for musicians என்று ஒரு தேர்வு இருக்கிறது, வகுப்புக்கு முன்பே அதைத் திறந்து வைக்கும்படி பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். ஒலி போய்ச் சேரத் தாமதமாவதால் இருவரும் ஒரே நேரத்தில் வாசிக்கவும் முடியாது, ஒருவர் வாசித்து நிறுத்தியபின்தான் மற்றவர் வாசிக்கலாம். வயலின் வாங்க வேண்டாம் என்ற வரியும் இங்கே மாறும். ஆசிரியர் கையிலிருப்பதைக் குழந்தைக்குக் கொடுக்க முடியாதே. வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லலாம், அல்லது பாட்டும் தாளமும் மட்டும் வைத்து முன்னோட்டத்தை முடித்துக்கொள்ளலாம்.

வகுப்பு முடிந்தது. பல ஆசிரியர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். “பாப்பா நல்லா பண்றா, யோசிச்சுச் சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பெற்றோர் ஏதாவது செய்தி வரும் என்று காத்திருக்க, ஆசிரியர் அவர்கள் சொல்வார்கள் என்று காத்திருக்க, பத்து நாள் போய்விடுகிறது. சொன்னபடி அன்று மாலையே இரண்டாவது செய்தி போக வேண்டும். அதில் “நன்றாகச் செய்தாள்” என்பது போதாது, பார்த்ததை எழுத வேண்டும். “‘ஸ’ பாடும்போது மூன்றாவது தடவை சேர்ந்துவிட்டாள். ‘ப’ இன்னும் கொஞ்சம் கீழே நிற்கிறது, இரண்டு மூன்று மாதத்தில் சரியாகும். கைக்கு 1/4 அளவுதான் பொருந்துகிறது, 1/2 ஒரு வருடம் கழித்து. உட்காருவதில் சிரமம் இல்லை. சேர்வதென்றால் சனி 10.30 நேரமே உங்களுக்கு, ஜூன் 20 வரை வைத்திருக்கிறேன். சேர்கிறோம் என்று சொன்ன பிறகு வயலின் வாங்கலாம், வாங்குவதற்கு முன் படத்தை எனக்கு அனுப்புங்கள்.” குழந்தைக்கு இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று தோன்றினால் அதையும் அப்படியே எழுத வேண்டும். வருகிற மாணவரை இழக்க மனம் வராமல் சேர்த்துக்கொண்டால் நாலாவது மாதம் அந்த வயலின் அலமாரி மேல் ஏறிவிடும்.

ஜூன் 20 ஆகியும் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல் போதும், அதற்கும் பதில் வராவிட்டால் அந்த நேரத்தைக் காத்திருக்கும் வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடலாம். தினமும் “என்ன முடிவு பண்ணீங்கம்மா” என்று கேட்பது இலவசம் என்று சொல்லிக் கூப்பிட்டதன் நல்ல பெயரைக் கெடுத்துவிடும். முன்னோட்ட வகுப்பில் எடுத்த படத்தையோ வீடியோவையோ பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஸ்டேட்டஸில் போடுவதும் கூடாது. சேராத குழந்தையின் முகம் விளம்பரமாக எதற்கு?

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு வரிப் பதில் மட்டும் வந்திருந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கேளுங்கள். தேதியும் மணியும் எது, வயலின் கொண்டுவர வேண்டுமா, சேர்ந்தால் கட்டணம் எவ்வளவு, முடிவு என்றைக்குள் சொல்ல வேண்டும்? இந்த நாலுக்கும் பதில் வந்த பிறகு குழந்தையை அழைத்துப் போங்கள். சேர்வதில்லை என்று முடிவெடுத்தால் “டீச்சர், இப்போதைக்கு வேண்டாம்” என்று அன்றே ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அந்தச் சனிக்கிழமை 10.30 மணிக்காக இன்னொரு குழந்தை காத்திருக்கக்கூடும்.